சம்பா அறுவடை ஏப்ரலுக்குப் போனது எப்படி?

வயல்வெளி: மன்னார்குடி பக்கச் சம்பா வயல்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் என்டிவிஐ பசுமைக் குறியீடு, 5 நாள் இடைவெளி. மேகத்தை SCL பட்டையால் நீக்கி, இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பினேன். பிறகு `savgol_filter(y, 11, 2)` மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கோட்டுக்குக் கீழே கிடக்கும் புள்ளிகளைக் கோட்டுக்கே தூக்கிவிட்டேன். அடி 0.20, உச்சம் 0.80. ஏறும்போது 0.32-ஐ வெட்டும் நாள் நடவு, இறங்கும்போது வெட்டும் நாள் அறுவடை. விவசாயிகள் ஜனவரி கடைசி என்கிறார்கள், எனக்கு ஏப்ரல் வருகிறது. இன்னும் ஸ்மூத் பண்ணணுமா?

தச்சன்: ஏற்கெனவே அதிகம். ஜனவரி, பிப்ரவரி மூல எண்களைப் போடுங்க.

வயல்வெளி: ஜன. 20: 0.53, 25: 0.49, 30: 0.24, பிப். 4: 0.22, 9: 0.26, 14: 0.31, 19: 0.38, 24: 0.44.

தச்சன்: அறுவடை கண்ணுக்கே தெரியுதே, ஜன. 25-க்கும் 30-க்கும் நடுவில். பிப்ரவரியில் ஏறுவது உளுந்து. டெல்டாவில் நெல் அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள், அதனால் வயல் வெறுமையாகக் கிடப்பதே கொஞ்ச நாள்தான். உங்கள் முதல் சுற்றில் அந்தப் பள்ளம் 0.28-ல் நிற்கும், 0.32-ஐ வெட்டும். மூன்றாவது சுற்றில் 0.33-ஐத் தாண்டிவிடும். அப்புறம் கோடு 0.32-க்குக் கீழே வருவதே உளுந்து பறித்த பிறகுதான். அதுதான் உங்கள் ஏப்ரல்.

புள்ளியைத் தூக்குவதற்குக் காரணம், மேகம் என்டிவிஐயைக் குறைக்குமே தவிரக் கூட்டாது என்பது. அக்டோபர், நவம்பர் மழையில் அது சரி. அறுவடையும் குறைக்கத்தான் செய்யும், அதையும் மேகமாக நினைத்துத் துடைத்துவிட்டீர்கள். உச்சம் வரை தூக்குங்க, உச்சத்துக்குப் பிறகு தொடாதீங்க.

கோடுவேண்டாம்: அறுவடைக்கு ஸ்மூத்தே தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு தெளிவான படங்களில் எங்கே பெரிய வீழ்ச்சியோ அதுதான் நாள். கோடு போட்டால் 5 நாளில் நடந்ததை 30 நாளுக்கு இழுத்துவிடும்.

தச்சன்: பாதிதான் ஒத்துக்கொள்வேன். SCL மெல்லிய மேகத்தை அடிக்கடி தவற விடும். டிசம்பரில் அப்படி ஒரு படம் தப்பினாலும் உங்கள் முறை அதையே அறுவடை என்று சொல்லும். விழுந்த மதிப்பு அடுத்த தெளிவான படத்திலும் கீழேயே இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்க.

கோடுவேண்டாம்: அந்த நிபந்தனை சரி. அப்படியும் கோடு எதற்கு?

தச்சன்: உச்சம் எங்கே என்று தெரிய. நவம்பரில் 25 நாள் படமே இல்லாதபோது மூல எண்ணில் உச்சம் தேட முடியாது. நேர்கோட்டால் நிரப்பியதும் தப்பு, இல்லாத புள்ளிக்கும் உண்மைப் புள்ளிக்கும் ஒரே எடை போகிறது. விட்டேக்கர் ஸ்மூத்தில் மேகநாளுக்கு எடை 0 கொடுக்கலாம்:

```python
def whit(y, w, lam):
    D = np.diff(np.eye(len(y)), 2, axis=0)
    return np.linalg.solve(np.diag(w) + lam * D.T @ D, w * y)
```

மேகநாளில் `y` 0, NaN விடக்கூடாது. 5 நாள் இடைவெளிக்கு `lam` 10 போதும். சுமார் 55 நாளுக்குக் குறைந்த அசைவுகளை அது பாதிக்குமேல் அமுக்கும். தினசரி அச்சுக்கு மாற்றி, படமில்லாத நாளுக்கு எடை 0 வைத்தால் அதே வளைவுக்கு 1250 வேண்டும். பலர் எண்ணை மாற்றாமல் விட்டு, ‘விட்டேக்கர் நடுங்குது’ என்று திட்டுகிறார்கள்.

நெல்மணி: இதற்கு இவ்வளவு எதற்கு? இரட்டை லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினால் இரண்டு தேதியும் நேராக வரும்.

தச்சன்: ஒருபோக வயலில் வரும். இங்கே உளுந்து வலது வாலைத் தூக்கி, அறுவடைச் சரிவைச் சாய்த்துவிடும். தரவை அந்தப் பள்ளத்தில் வெட்டிவிட்டுப் பொருத்துங்க.

மஞ்சக்காடு: ஈரோட்டில் மஞ்சளுக்கு இதே முறையில் பார்த்தேன், தேதி எப்பவும் முந்தியே வருது.

கோடுவேண்டாம்: மஞ்சள் இலை காய்ந்து, தாளை அறுத்து, அப்புறம்தானே கிழங்கு வெட்டுவீங்க? செயற்கைக்கோள் பார்ப்பது இலையை. எந்தக் கோடும் கிழங்கு வெட்டும் நாளைச் சொல்லாது.

வயல்வெளி: உச்சத்துக்குப் பிறகு தூக்குவதை நிறுத்தினேன், ஜனவரி கடைசியில் வந்துவிட்டது. நடவுதான் மூன்று வாரம் தள்ளி வருகிறது.

தச்சன்: அது ஸ்மூத்தின் குற்றமில்லை. நட்ட புதிதில் படத்தில் தெரிவது தண்ணீர்தான், பயிர் மூடி 0.32 வர அவ்வளவு நாள் ஆகும். சென்டினல்-1 ரேடாரின் VH எதிரொலியைப் பாருங்க, மேகம் தடுக்காது. சேறடித்துத் தண்ணீர் கட்டும்போது அடியில் கிடக்கும், தூர் கட்டக் கட்ட ஏறும். அந்த அடிமட்டம்தான் நடவுக்கு நெருங்கிய நாள். விதைப்பு நாள் வேண்டுமென்றால் நாற்றங்கால் வயதையும் கழிக்கணும்.

நெல்மணி: புழுதி விதைப்பு வயலில்? அங்கே தண்ணீரே கட்டமாட்டாங்களே.

தச்சன்: விதைக்கும்போது VH விழாது. பிறகு மழைத் தண்ணீர் நின்றால் விழும், அதை நடவு என்று எடுத்தால் பல வாரம் பிந்தும். அந்த வயல்களை முதலில் தனியாகப் பிரிக்கணும்.

கோடுவேண்டாம்: பிரிக்கவே விதைப்பு முறை தெரிய வேண்டும். கிராமத்துப் பட்டியல் இல்லாமல் எப்படிப் பிரிப்பீங்க?