பாலிசி முதிர்ந்து மூன்று மாதம், பணமும் இல்லை, காரணமும் இல்லை: ஆம்பட்ஸ்மனிடம் போகலாமா?

கோத்தகிரி கொழுந்து: அம்மாவின் 20 வருட பாலிசி மார்ச் 12-ல் முதிர்ந்தது. தொகை 3 லட்சம். பிப்ரவரியிலேயே ஒரிஜினல் பாண்டு, கையெழுத்துப் போட்ட டிஸ்சார்ஜ் பாரம், பாஸ்புக் நகல் எல்லாம் கிளையில் கொடுத்து சீல் வாங்கிவிட்டேன். இப்போது ஜூன் பாதி. நாலு தடவை குன்னூருக்கு பஸ் ஏறியாகிவிட்டது. "ஹெட் ஆபீஸில் இருக்கிறது" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நேரே இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாமா?

மஞ்சூர் மாமா: தாராளமாக எழுதுங்கள். நீலகிரிக்கும் சென்னை அலுவலகம்தான். காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிளை ஊழியர்: காசும் வக்கீலும் வேண்டாம் என்பது சரி. ஆனால் இப்போதே எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். தம்பி, நீங்கள் நாலு தடவை போனது கணக்கில் வராது, ஏனென்றால் கையில் ஒரு காகிதம் இல்லை.

கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். பாலிசி எண், முதிர்வுத் தேதி, என்னென்ன எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை எழுதி, சீல் போட்ட நகலை இணையுங்கள். தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வட்டியும் கேளுங்கள். வட்டி என்பது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். பேச்சுக்கு மொத்தம் 8 என்று வைத்தால், 90 நாளுக்கு ஏறக்குறைய 5,900 ரூபாய்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கடிதம் போய்ச் சேர்ந்த தேதியைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அன்றிலிருந்து ஒரு மாதம். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் சென்னைக்கு எழுதலாம். அதற்கு ஒரு வருடம் அவகாசம். நடுவில் ஊட்டி நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டால் ஆம்பட்ஸ்மன் கதவு மூடிவிடும்.

அருவங்காடு அக்கா: எனக்கும் இதே கதைதான், போஸ்ட் ஆபீஸ் இன்சூரன்ஸ். நானும் சென்னைக்கே எழுதலாமா?

ஓய்வுபெற்ற கிளை ஊழியர்: அது வேறு பாதை, அம்மா. அஞ்சல் ஆயுள் காப்பீடு இன்சூரன்ஸ் சட்டத்துக்கு வெளியே இருப்பது. தபால் துறையின் புகார்ப் பிரிவில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மஞ்சூர் மாமா: ஒரு மாதம் காத்திருக்கணும் என்பது எனக்குத் தெரியாமல் போச்சு. ஆம்பட்ஸ்மன் தீர்ப்பு சொன்னால் கம்பெனி கேட்குமா?

ஓய்வுபெற்ற கிளை ஊழியர்: கம்பெனியைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பு கிடைத்த 30 நாளில் கொடுத்தாக வேண்டும். ஆனால் பல கேஸ் அதுவரை போவதில்லை. சென்னையிலிருந்து நோட்டீஸ் வந்ததும் ஹெட் ஆபீஸில் ஃபைல் கிடைத்துவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி கொழுந்து: கடிதம் எழுத உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பாண்டில் "ராஜம்மாள்", பாஸ்புக்கில் "ராஜம்மா". இதனால்தான் நிற்கிறதோ?

ஓய்வுபெற்ற கிளை ஊழியர்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள்தான். நீங்களாக அபிடவிட் எடுக்க ஓடாதீர்கள். "பெயர் வித்தியாசம்தான் காரணமா, அதற்கு என்ன தேவை" என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

கோத்தகிரி கொழுந்து: சேர்த்துவிட்டேன் சார். நாளைக் காலை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் போகிறேன்.