தலையணை உறைக்குள் பாண்

கல்லடியிலிருந்து ஒரு தாய்:
நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் எங்களிடம் வந்தபோது மகளுக்கு 6 வயது. அதற்கு முந்திய 4 ஆண்டுகளைச் சிறுவர் இல்லத்தில் கழித்தவள். இரண்டாம் வாரம் அவளுடைய தலையணை உறைக்குள் காய்ந்த பாணும் எறும்பு மொய்த்த பிட்டும் இருக்கக் கண்டு, எடுத்து எறிந்துவிட்டுக் கண்டித்தேன். மறுநாளே உடுப்புகளுக்கு அடியிலும் ஒளிக்கத் தொடங்கினாள். கிணற்றடியில் விழுந்து முழங்கால் கிழிந்தபோது அவள் அழவுமில்லை, என்னைத் தேடவுமில்லை. ஆனால் மீன் விற்க வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை போய்விட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சாப்பாடும் உறக்கமும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், தங்கச்சி. ஒளித்தால் சற்று நேரம் அறையில் தனியே இருத்துங்கள், பழக்கம் போய்விடும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து, இரு பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்த்தவர்:
நேர ஒழுங்கு பற்றி ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஆனால், ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போனதைக் கண்ட பிள்ளையைத் தனியே இருத்தினால், இவர்களும் விட்டுவிடுவார்கள் என்ற அவளுடைய அச்சமே உறுதியாகும். மூடியுள்ள ஒரு தகரத்தை அவளுக்கென்றே கொடுத்து, விசுக்கோத்தும் வாழைப்பழமும் வையுங்கள். அது வெறுமையாவதற்கு முன் அவள் பார்க்கும்படி நீங்களே நிரப்புங்கள், எந்தக் குற்றத்துக்காகவும் அதைப் பறிக்காதீர்கள். வெளியே போகும்போது சொல்லாமல் நழுவாமல், திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் காட்டிவிட்டு, அதற்குள் வந்துவிடுங்கள். காயம் பட்டால் அவள் கேட்காவிட்டாலும் அருகில் குந்தியிருந்து மருந்து போடுங்கள். வலுக்கட்டாயமாக அணைக்க வேண்டாம். அந்நியரிடம் ஒட்டிக்கொள்வதை அன்பான சுபாவம் என்று எண்ணிவிடாதீர்கள். யார் வீட்டார், யார் வெளியார் என்ற வேறுபாடு அவள் மனதில் இன்னும் உருவாகவில்லை. சில மாதங்களுக்கு ஊட்டுவதும் தேற்றுவதும் உங்கள் இருவருடையதாகவே இருக்கட்டும். உறவினர் விளையாடினால் போதும்.

ஆரையம்பதியிலிருந்து ஓர் அம்மம்மா:
என் பேரனின் தாய் மத்திய கிழக்கிலிருந்து 5 ஆண்டுகளின் பின் வந்திருக்கிறாள். அவன் அவளிடம் போகவே மாட்டான். எங்கள் வீட்டிலும் தகரம் வைக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து:
உங்கள் பேரனின் நிலை வேறு, அம்மா. அவனுக்கு நம்பிக்கைக்குரிய ஒருவராக நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் திடீரென ஒதுங்காமல், உங்கள் கண்முன்னே குளிப்பாட்டுவது போன்ற ஒரு வேலையை மட்டும் மகள் செய்யட்டும். அவன் யாருடன் உறங்க வேண்டும் என்பதில் எனக்கே தெளிவான முடிவில்லை.

கல்லடியிலிருந்து, 8 மாதங்களின் பின்:
முதல் மாதம் தகரத்தை நாளுக்கு மும்முறை நிரப்பினேன்; தலையணைக்குள்ளும் ஒளித்தாள். கடையில் வரிசை நீண்டு நான் அரை மணி நேரம் தாமதித்த நாளில், பழையபடி பாண் ஒளித்தாள். இப்போது தகரத்தில் விசுக்கோத்து நமுத்துப்போகும் அளவுக்குக் கிடக்கிறது. சென்ற கிழமை நெருஞ்சி முள் குத்தியபோது, நொண்டியபடி அடுப்படிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மீன் விற்பவரின் குரல் கேட்டால் படலைக்கு ஓடுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.