ஆப்பில் பணம் கட்டிய ரசீது வரிக் கணக்குக்குச் செல்லாதா? உதவி தேவை

வரைகோல்:
வணக்கம். சொந்தமாக வடிவமைப்பு வேலை செய்கிறேன், வரிப்பதிவு உண்டு. இரண்டு மாதம் முன்பு வேலைக்காக ஒரு பிரிண்டர் வாங்கி, கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டினேன். மொத்தம் 11,800. ஆப்பில் ஒரு கூப்பன் இருந்ததால் 200 கழிந்து, வங்கிக் கணக்கிலிருந்து 11,600 போனது. கடையில் தந்த பில்லை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஆப் ரசீதில் தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பணம் பெற்றவர் என்ற இடத்தில் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒருவரின் பெயர் இருக்கிறது. இதைக் காட்டியதும் கணக்காளர், “இது பணம் போனதற்குச் சாட்சி, என்ன வாங்கினீர்கள் என்பதற்கு இல்லை” என்று ஒதுக்கிவிட்டார். வரி 18 சதவீதம் என்று தெரியும். 11,800-க்கு 2,124 என்று நானே எழுதிக்கொண்டால் ஆகாதா?

தினக்கணக்கு:
இவ்வளவு பயப்பட வேண்டாம். வங்கி ஸ்டேட்மென்டில் அந்தப் பதிவு இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் எது? என் அலுவலகத்தில் பயணச் செலவுக்கு ஆப் ரசீதைத்தான் கொடுக்கிறேன், மறுபேச்சு இல்லாமல் பணம் வந்துவிடுகிறது. வரி எண் வேண்டுமென்றால் உங்கள் மின்னஞ்சலைத் தேடுங்கள். ஆப் நிறுவனமே டாக்ஸ் இன்வாய்ஸ் அனுப்பும், எனக்கு மாதாமாதம் வருகிறது.

பேரேடு:
தினக்கணக்கு சொன்னதில் முதல் பாதி சரி. அலுவலகத்தில் செலவைத் திரும்பப் பெறுவது அந்த அலுவலகத்தின் விதி. அவர்கள் ஏற்றால் சரிதான். வரியைக் கழித்துக்கொள்வது வேறு. விற்றவர் உங்களிடம் வசூலித்த வரியைத்தான் நீங்கள் கழிக்கிறீர்கள். விற்றவர் யார், அவருடைய வரிப்பதிவு எண் என்ன, எந்தப் பொருள், வரிக்கு முந்தைய விலை எவ்வளவு, வரி எவ்வளவு, வாங்கியவர் யார், எல்லாம் அவர் தரும் தாளில் இருக்க வேண்டும். ஆப்புக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போனது மட்டும்தான் அதற்குத் தெரியும். பிரிண்டர் வாங்கினாலும் நண்பருக்குக் கடனைத் திருப்பினாலும் அதே ரசீதுதான் வரும்.

அந்த மின்னஞ்சல் இன்வாய்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். அதில் இருக்கும் வரி எண் ஆப் நிறுவனத்துடையது. அவர்கள் வசூலித்த சேவைக் கட்டணத்துக்கு மட்டுமான பில் அது. தொகையைப் பாருங்கள், உங்கள் பொருளின் விலை அதில் இருக்காது.

வரைகோல், நீங்கள் போட்ட 2,124 தவறு. 11,800 என்பது வரி சேர்ந்த தொகை. அதை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் வரி 1,800, விலை 10,000. அந்தக் கூப்பன் 200-ஐ யார் கொடுத்தார் என்பதும் முக்கியம். ஆப் நிறுவனம் தன் கையிலிருந்து கொடுத்திருந்தால் கடைக்காரருக்கு முழு 11,800 போயிருக்கும், இன்வாய்ஸும் 11,800-க்கே இருக்கும், வரி 1,800 தான். கடைக்காரரே தள்ளுபடி கொடுத்திருந்தால் இன்வாய்ஸ் 11,600-க்கு இருக்கும், அதற்குள் வரி 1,769.49. ஆப் ரசீதை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. இன்வாய்ஸில் தள்ளுபடியைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்தால்தான் தெரியும்.

மின்மினி:
எனக்கும் இதே தொல்லை. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, கடைக்கு வரவில்லை என்கிறார்கள். எத்தனை நாளில் திரும்ப வரும்?

பேரேடு:
மின்மினி, உங்களுடையது வேறு பிரச்சினை. பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து உங்கள் வங்கியில் புகார் பதியுங்கள். அங்கே ஆப் ரசீது ஒன்றே போதும், இன்வாய்ஸ் கேட்க மாட்டார்கள்.

கடலோரன்:
நான் பட்டதைச் சொல்கிறேன். மடிக்கணினியில் தண்ணீர் கொட்டி, காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். ஆப் ரசீதை அனுப்பினேன், திருப்பிவிட்டார்கள். வரிசை எண் உள்ள பில் வேண்டுமாம். பில் இருந்தது, ஆனால் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து முழுக்க மங்கி, கடைப் பெயரின் பாதிதான் தெரிந்தது. அதற்கு முந்தைய பில் ஒன்றை மங்கக்கூடாதென்று லாமினேட் செய்யக் கொடுத்தேன். சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிட்டது. இப்போதெல்லாம் கடையை விட்டு இறங்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுகிறேன்.

பேரேடு:
கடலோரன் சொன்னது வரிக்கும் பொருந்தும். அந்தத் தாளில் அச்சு சூட்டால் விழுகிறது. அதே சூடும் வெளிச்சமும் பிறகு அதைக் கெடுக்கும்.

வரைகோல், உங்கள் ஆப் ரசீதை எறிந்துவிடாதீர்கள். பில்லைத் தேடிப் பிடிக்க அதுதான் உதவும். கடைக்காரரிடம் தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் நான்கையும் கொடுங்கள். அவர் தன் விற்பனைப் பதிவில் தேடி, அதே எண்ணும் அதே தேதியும் உள்ள இன்வாய்ஸை ‘நகல்’ என்று குறித்து அச்சிட்டுத் தர முடியும். இன்றைய தேதியில் புது எண்ணோடு தந்தால் வாங்காதீர்கள். அவர் கணக்கில் ஒரே பிரிண்டர் இரண்டு முறை விற்றதாக ஆகும், உங்கள் பணம் போன தேதியோடும் பொருந்தாது. பெறுபவர் பெயர் வேறாக இருப்பதால், அந்தக் கணக்கு கடை உரிமையாளருடையதுதான் என்று இன்வாய்ஸின் ஓரத்தில் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, விதி மாறும். ஆஸ்திரேலியாவில் 82.50 டாலருக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு இன்வாய்ஸ் கட்டாயம், 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்கியவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1,000 டாலர் வரை சுருக்கமான இன்வாய்ஸ் போதும். இந்தியாவில் உங்கள் ஜிஎஸ்டி எண் இன்வாய்ஸில் இருந்து, கடைக்காரர் அதைத் தன் கணக்கில் காட்டி, ஜிஎஸ்டி தளம் உங்களுக்காகத் தயாரிக்கும் GSTR-2B பட்டியலில் வந்தால்தான் வரியைக் கழிக்க முடியும். அங்கே ஆப் ரசீதுக்கும் வேலை உண்டு: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கழித்த வரியைத் திருப்ப வேண்டும். கொடுத்தேன் என்பதை அந்த ரசீதுதான் காட்டும்.

வரைகோல்:
மிக்க நன்றி. நான் இந்தியாவில்தான் இருக்கிறேன். கடைக்குப் போய் வந்தேன். பரிவர்த்தனை எண்ணைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். இன்வாய்ஸ் 11,800-க்கே இருக்கிறது, வரி 1,800, தள்ளுபடி எதுவும் காட்டவில்லை. பிரிண்டரின் வரிசை எண்ணும் இருக்கிறது. ஆனால் வாங்கியவர் இடத்தில் ‘ரொக்க வாடிக்கையாளர்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், என் ஜிஎஸ்டி எண் இல்லை. சேர்க்கச் சொன்னால், அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்தாகிவிட்டது என்கிறார்.

தினக்கணக்கு:
பேனாவால் நாமே எண்ணை எழுதிக்கொண்டால்?

பேரேடு:
வேண்டவே வேண்டாம். கடைக்காரரின் கணக்கில் அது இல்லாதவரை உங்கள் GSTR-2B-யில் வராது, தாளைத் திருத்திய குற்றம்தான் மிஞ்சும். அவருடைய கணக்காளரிடம் பேசச் சொல்லுங்கள், திருத்த வழி இருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். அவர் மறுத்தால் வரியை விட்டுவிட்டு, 11,800-ஐயும் பிரிண்டரின் விலையாகவே கணக்கில் காட்டலாமா என்று உங்கள் கணக்காளரைக் கேளுங்கள். கூப்பன் 200-ஐ எப்படி எழுதுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்வாய்ஸையும் ஆப் ரசீதையும் ஒரே கோப்பில் சேர்த்து, இன்வாய்ஸ் எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஆப்பிலிருந்து பிடிஎஃப் ஆக இறக்குங்கள். போன் மாற்றினால் ஸ்கிரீன்ஷாட் போய்விடலாம்.

வரைகோல்:
சரி, கடைக்காரர் நாளை கணக்காளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று இங்கேயே எழுதுகிறேன்.