திருச்செந்தூர் நடையும் ஐந்து நாள் கால்வலி மாத்திரையும்: லித்தியம் எடுப்பவர் வீட்டு அனுபவம்

மேலப்பாளையம் அக்கா:
என் தம்பி மனநிலை சீராக இருக்க 11 வருடமாக லித்தியம் மாத்திரை எடுக்கிறான், ராத்திரி 900 மில்லிகிராம். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பான், அளவு 0.8-ஐத் தாண்டியதே இல்லை. இந்த வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்தே போனான். விரதம் வேறு, வெயிலும் வியர்வையும் சொல்ல வேண்டாம். வந்ததும் முழங்கால் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நாளைக்கு இரண்டு வீதம் போட்டான்.

நான்காம் நாள் காபி டம்ளரைத் தூக்கினான், வேட்டியெல்லாம் கொட்டியது. அவனுக்கு எப்போதும் விரல் லேசாக நடுங்கும். அன்றைக்குக் கையே உதறியது. வயிற்றுப்போக்கும் வந்தது. சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன். மறுநாள் பேச்சு குழறி, சுவரைப் பிடித்து நடந்தான். "குடிச்சிட்டு வந்திருக்கானோ?" என்று அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அளவு 2.1. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. லித்தியத்தையும் வலி மாத்திரையையும் நிறுத்தி சலைன் ஏற்றினார்கள்.

அம்பை அண்ணாச்சி:
தண்ணீர் குறைந்ததுதான் காரணம் தாயி, வலி மாத்திரை என்ன செய்யும்? என் மச்சினனும் லித்தியம்தான். உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாளை சிஸ்டர்:
அண்ணாச்சி, தண்ணீர் சொன்னது சரி. உப்பை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். வியர்வையில் உப்பு போனால், சிறுநீரகம் மிச்ச உப்பை இழுத்துப் பிடிக்கும். லித்தியத்தையும் அதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. லித்தியம் வெளியேறுவது இன்னும் மந்தமாகும். அந்தத் தம்பிக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வலிக்குப் பாராசிட்டமால் கேட்டிருக்கலாம்.

மனநல வார்டில் நான் பலமுறை பார்த்தது, கை உதறலோடு பேதியோ வாந்தியோ வந்தால் வீட்டில் காத்திருப்பார்கள். காத்திருக்கக் கூடாது. அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு, அன்றைக்கே அளவு பார்க்க வேண்டும். வழக்கமான சோதனைக்கு மட்டும், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். காலையில் மாத்திரை போட்டுவிட்டு ஓடினால் கணக்கு தப்பும்.

தென்காசி மகள்:
எங்கம்மாவும் லித்தியம்தான் சிஸ்டர். மாத்திரை போடுவதில்லை, முழங்காலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தேய்ப்பாள். அதுவும் ஆகாதா?

பாளை சிஸ்டர்:
தேய்ப்பதில் ரத்தத்துக்குள் போவது ரொம்பக் குறைவு. ஆனால் இரண்டு காலிலும் தினமும் நிறையத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் ஜெல்லைப் பற்றியும் சொல்லி, ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள்.

மேலப்பாளையம் அக்கா:
நன்றி சிஸ்டர். மூன்றாம் நாள் அளவு 0.9-க்கு இறங்கிவிட்டது, பேச்சுதான் தெளிய இன்னும் ஒரு வாரம் ஆனது. மூளையிலிருந்து மெதுவாகத்தான் இறங்குமாம். லித்தியத்தைத் திரும்பத் தொடங்குவதா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. இரண்டு ராத்திரியாகத் தம்பி தூங்கவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. நாளைக் காலை கூட்டிப்போகிறேன்.