சுற்றுலா நோட்டீஸில் தொகை தப்பாகப் போய்விட்டது, பெற்றோருக்குத் திருத்தக் கடிதம் எப்படி எழுதுவது?

காரைக்குடி அலுவலகம்
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலக உதவியாளரா இருக்கேன். 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைங்களை தாய்மொழி நாள் அன்னைக்கு திருமயம் கோட்டைக்கும் சித்தன்னவாசலுக்கும் கூட்டிட்டுப் போறோம். 142 பிள்ளைங்க. வியாழக்கிழமை, 05.02.2026 தேதியிட்ட நோட்டீஸ் தாளாவும் கொடுத்தாச்சு, வாட்ஸ்அப் குழுவிலயும் போட்டாச்சு. அதுல ஆளுக்கு ரூ.560ன்னு இருக்கு. உண்மையில ரூ.650. பஸ் வாடகை கூடிப்போச்சு. 560 போன வருசத் தொகை, பழைய கோப்பையே எடுத்து மாத்தி அடிச்சிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் 57 பேர் 560 கட்டிட்டாங்க. பணம் கட்ட கடைசி நாள் 13.02.2026.

திங்கட்கிழமை திருத்தம் போகணும்னு தலைமையாசிரியர் சொல்லிட்டாங்க. நான் எழுதினது இது:

"மரியாதைக்குரிய பெற்றோர்களே, எமது பள்ளியின் சார்பில் அனுப்பப்பட்ட சுற்றறிக்கையில் தவிர்க்க முடியாத காரணங்களால் தட்டச்சுப் பிழை நேர்ந்துள்ளது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். சுற்றுலாத் தொகையை ரூ.650 எனத் திருத்தி வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இது போதுமா? ஏற்கெனவே கட்டினவங்ககிட்ட மீதி 90 கேட்கறதை எப்படி எழுதறதுன்னு தெரியலை.

புதுவயல் செந்தில்
பள்ளியில தேதி திருத்தம்னா பத்தாம் வகுப்பு சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. பிறப்புச் சான்றிதழ் நகல் வச்சு தலைமையாசிரியர்கிட்ட மனு கொடுக்கணும். அப்புறம்னா ரொம்ப அலைச்சல்.

காரைக்குடி அலுவலகம்
அண்ணே, அது பிறந்த தேதித் திருத்தம். நான் கேட்கிறது நோட்டீஸ்ல வந்த தொகை.

கோட்டையூர் டீச்சர்
எங்க பள்ளியில நான்தான் சுற்றறிக்கை எழுதுவேன். ரெண்டு விஷயம். தொகையை எண்ணாலயும் எழுத்தாலயும் போடுங்க, தடித்த எழுத்துல. அப்புறம் திருத்தத்துல பழைய தப்பான தொகையைச் சொல்லவே சொல்லாதீங்க. 560ன்னு மறுபடி எழுதினா அதுதான் மனசுல நிக்கும். சரியானதை மட்டும் போட்டு முடிச்சிடுங்க.

பள்ளத்தூர் அம்மா
டீச்சர் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. என் மகன் பள்ளியில இருந்து அப்படித்தான் ஒரு தாள் வந்துச்சு. "கட்டணம் இவ்வளவு"ன்னு மட்டும் இருந்துச்சு, எது மாறுச்சுன்னே இல்லை. எங்க மாமியார் நோட்டீஸ் வந்தா தினசரி காலண்டர் ஆணியில குத்தி வச்சிருவாங்க. புதுத் தாளையும் அதுக்கு மேலயே குத்திட்டாங்க. ரெண்டுல எது பிந்தினதுன்னு தெரியாம, அவங்க அடியில இருந்ததைப் படிச்சுக் காசு கொடுத்துவிட்டாங்க. ரெண்டும் ஒரே வெள்ளைத் தாள், ஒரே தலைப்பு.

தேவகோட்டை ஓய்வு
நான் உதவி பெறும் பள்ளி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தாலும் எண்ணாலும் போடச் சொன்னது சரி. பழைய தொகையைச் சொல்லக் கூடாது என்பது சரியில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது. அதில் எந்த வரி செத்துப்போனது என்று சொன்னால்தான் இரண்டு தாளும் சண்டை போடாது. தப்பை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், சரியானதைச் சொன்ன பிறகு சொல்லுங்கள். முதல் வரியில் 650, அதற்கு அடுத்த வரியில் "முன்பு 560 என்று வந்தது தவறு". வரிசை மாறக் கூடாது.

தங்கச்சி, நீ எழுதியதில் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பதை எடுத்துவிடு. பழைய கோப்பில் இருந்து வந்த தப்பு அது, தவிர்க்க முடியாதது இல்லை, படிக்கிறவர்களுக்கும் தெரியும். "திருத்தி வாசிக்கவும்" என்பது பத்திரிகைக்குச் சரி. காசு கட்டியவருக்கு வாசித்து என்ன ஆகும்? அவர் என்ன செய்ய வேண்டும் என்பது உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. திருத்தம் எழுதும் முன் அந்த நோட்டீஸில் தேதி வரும் வரியை அப்படியே இங்கே போடு.

காரைக்குடி அலுவலகம்
இதோ ஐயா: "21.02.2026 வெள்ளிக்கிழமை அன்று காலை 7.00 மணிக்குப் பள்ளி வளாகத்தில் இருந்து பேருந்து புறப்படும். சுற்றுலாத் தொகை ரூ.560."

தேவகோட்டை ஓய்வு
நினைத்தேன். காலண்டரைப் பார். 21.02.2026 சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையாக இருந்தது 21.02.2025. தாய்மொழி நாள் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 21தான், அதனால் வருடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், கிழமையும் தொகையும் போன வருடத்தது அப்படியே நின்றுவிட்டது. பழைய கோப்பில் ஒரு தப்பு கிடைத்தால் அங்கேயே நிற்கக் கூடாது, மற்ற ஒவ்வொரு எண்ணையும் பார்க்க வேண்டும். நீ 650க்கு மட்டும் திருத்தம் அனுப்பியிருந்தால் கிழமைக்கு இரண்டாவது திருத்தம் போயிருக்கும். இரண்டாவது வந்தால் மூன்றாவது வருமோ என்று ஒருத்தரும் காசு கட்ட மாட்டார்கள்.

பள்ளத்தூர் அம்மா
கிழமை தப்பு தொகையைவிட மோசம்ங்க. எங்க வீட்டுல எல்லாரும் கிழமையைத்தான் மனசுல வைப்போம். வெள்ளிக்கிழமை விடியல்ல புளிச்சோறு கட்டி பிள்ளையை அனுப்பிடுவாங்க.

காரைக்குடி அலுவலகம்
நல்லவேளை கேட்டீங்க ஐயா. சனிக்கிழமைதான் சரி, பஸ்ஸுக்கு அன்னைக்குத்தான் சொல்லியிருக்கு. அந்த 90க்கு என்ன செய்யறது?

கண்டனூர் கணக்கு
கட்டின 57 பேருக்கு 560தான்னு விட்டுருங்க, 57க்கு 90ன்னா 5,130. அதை பெற்றோர் ஆசிரியர் கழகத்துல இருந்து போட்டா பிரச்சினை முடிஞ்சது.

தேவகோட்டை ஓய்வு
முடியாது. நோட்டீஸ் பார்த்தது 142 வீடும். சீக்கிரம் கட்டியவருக்கு 560, மற்ற 85 பேருக்கு 650 என்றால் திங்கட்கிழமையே வாசலில் கேள்வி வரும். விடுவதென்றால் எல்லோருக்கும் விட வேண்டும், அது 12,780 ரூபாய். அந்தப் பணம் எங்கிருந்து என்று தலைமையாசிரியரும் தாளாளரும் முதலில் முடிவு செய்யட்டும். இது கடிதம் எழுதுகிறவர் முடிவு செய்யும் விஷயம் இல்லை. முடிவு வராமல் எழுதினால் கடிதம் வழவழ என்றுதான் வரும். உன் முதல் வரைவு அப்படி ஆனதற்கு அதுதான் காரணம்.

வாங்குவதென்று முடிவானால் பழைய ரசீதில் 560ஐ அடித்து 650 ஆக்காதே. தணிக்கையில் அடித்தல் திருத்தல் ரசீது நிற்காது. 90க்குத் தனி ரசீது போட்டு, அதில் முதல் ரசீது எண்ணைக் குறித்துவிடு. 650 முடியாது என்கிறவர்களுக்கு 560 முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எந்தத் தேதிக்குள் என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிடு. கேட்டால் கொடுப்போம் என்று வைத்துக்கொண்டால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அப்பா
குழுவுல என் எண்தான் இருக்கு, பிள்ளை அப்பத்தாகூட ஊர்ல இருக்கா. பழைய செய்தியை அழிச்சிருங்க. நான் அதை ஏற்கெனவே ஊருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், என்னை மாதிரி இன்னும் பலபேர் பண்ணியிருப்பாங்க.

கோட்டையூர் டீச்சர்
நீங்க குழுவுல அழிச்சாலும் ஃபார்வர்ட் ஆனது போகாதே. அதோட எல்லோருக்கும் அழிக்கிறதுக்கு நேர வரம்பு இருக்கு, ரெண்டரை நாள்தான்.

தேவகோட்டை ஓய்வு
நான் அழிக்க மாட்டேன். அந்தப் பழைய செய்திக்கே பதிலாகத் திருத்தத்தைப் போட்டால் தேடி மேலே போகிறவர் கண்ணில் இரண்டும் சேர்ந்து படும். அழித்தால் "ஏதோ மறைக்கிறார்கள்" என்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அப்பா
எனக்கு அது ஒத்துக்கலைங்க ஐயா. குழுவுல ஐம்பது செய்திக்கு மேல போய் யார் தேடறா? எதுக்கும் ஒரு குரல் பதிவும் போடச் சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு அதைத்தான் போட்டுக் காட்ட முடியும்.

காரைக்குடி அலுவலகம்
தலைமையாசிரியர் தாளாளர்கிட்ட பேசிட்டாங்க. எல்லாருக்கும் 650, கடைசி நாளை நீட்டிக்கலாம்னு முடிவு. வரைவு:

திருத்தச் சுற்றறிக்கை
நாள்: 09.02.2026
பொருள்: திருமயம், சித்தன்னவாசல் சுற்றுலா – நாள், தொகை திருத்தம்
பார்வை: இப்பள்ளியின் 05.02.2026 தேதியிட்ட சுற்றறிக்கை

அன்புள்ள பெற்றோருக்கு,
சுற்றுலா 21.02.2026 சனிக்கிழமை காலை 7.00 மணிக்குப் புறப்படும். ஒருவருக்கான தொகை ரூ.650, எழுத்தால் அறுநூற்று ஐம்பது ரூபாய்.
முந்தைய சுற்றறிக்கையில் வெள்ளிக்கிழமை என்றும் ரூ.560 என்றும் வந்தவை பள்ளியின் தவறு. அதற்கு வருந்துகிறோம். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வகுப்பு உண்டு.
ரூ.560 கட்டியவர்கள் மீதி ரூ.90ஐ 17.02.2026 செவ்வாய்க்கிழமைக்குள் கட்டித் தனி ரசீது பெற்றுக்கொள்ளவும். இதுவரை கட்டாதவர்களுக்கும் அதுவே கடைசி நாள். சுற்றுலாவுக்கு அனுப்ப விரும்பாதவர்கள் அதே நாளுக்குள் தெரிவித்தால், கட்டிய தொகை முழுவதும் 19.02.2026 வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் திருப்பித் தரப்படும்.
முந்தைய தாளைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளவும்.

தேவகோட்டை ஓய்வு
இப்போது சரி. "வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வகுப்பு உண்டு" என்ற வரி நல்ல யோசனை. மஞ்சள் தாளில் அடி, வெள்ளையில் வேண்டாம், காலண்டர் ஆணியில் மேலே தெரியும். அடியில் சம்மதச் சீட்டையும் புதிதாக வை. பழைய சீட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட்டது வெள்ளிக்கிழமைக்கு. பிள்ளையை வெளியூர் கூட்டிப்போகும்போது கையில் இருக்கும் சம்மதம் சரியான நாளுக்கானதாக இருக்க வேண்டும். வகுப்பாசிரியர்கள் சீட்டை 142க்கு எண்ணி வாங்கட்டும், வராத வீட்டுக்கு மட்டும் போன் செய்.

கண்டனூர் கணக்கு
90 ரூபாய் பள்ளி தப்புக்கு நாங்க ஏன் கொடுக்கணும்னு ஒருத்தர் கேட்டா?

தேவகோட்டை ஓய்வு
கேட்பார்கள். பஸ் வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று கணக்கை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் வைத்திருந்து காட்டலாம். அதிலும் சமாதானம் ஆகாதவருக்கு என்னிடம் பதில் இல்லை, தலைமையாசிரியர்தான் நேரில் பேச வேண்டும்.

பள்ளத்தூர் அம்மா
அம்மா, பஸ் திரும்பி வர்ற நேரம் போடலையே? கூட்டிட்டுப் போக ஆள் வரணும்ல.

காரைக்குடி அலுவலகம்
பழையதுலயும் இல்லைங்க அக்கா, இப்பத்தான் பார்த்தேன். தலைமையாசிரியர்கிட்ட கேட்டுச் சேர்த்துட்டேன்: "மாலை 6.30 மணிக்குப் பள்ளி வந்து சேரும்." குரல் பதிவும் அவங்களே பேசித் தர்றாங்க. திங்கட்கிழமை காலையில மஞ்சள் தாள்ல 150 பிரதி எடுக்கிறோம்.