கலைச்சொல்: 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' – பாகச் சிட்டை சரிவருமா?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
வணக்கம். ஒரு சாதனம் செய்ய வேண்டிய பாகங்களை எண்ணிக்கையோடும் விலையோடும் எழுதும் 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்பதற்கு மாணவர் கையேட்டில் 'பொருட்பட்டியல்' என்று போட்டிருந்தேன். பலர் அதைப் பொருளடக்கம் என்று எண்ணிப் புரட்டிவிட்டார்கள். 'பாகச் சிட்டை' எப்படி? உடைசலுக்காகக் கூடுதலாக வாங்குவதற்கு 'சேதாரம்' என்றே வைக்கலாம், நகைக்கடையால் எல்லோருக்கும் தெரிந்த சொல். மொத்தத் தொகையில் பத்து சதவீதம் சேதாரம், அவ்வளவுதான்.

மின்னணுச் சாதனம் வடிவமைப்பவர்:
சிட்டை பிடித்திருக்கிறது. சேதாரத்தைத் தொகையில் போடுவதுதான் உதவாது. உடைந்த சென்சாருக்குப் பதில் பெட்டியில் இன்னொரு சென்சார் இருக்க வேண்டும், ரூபாய் இருந்து என்ன செய்வது? எண்ணிக்கையில், அதுவும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகப் போட வேண்டும். டி.எச்.டி.11 என்ற வெப்ப, ஈரப்பத சென்சாரை மின்முனை மாற்றி இணைத்தால் சூடாகிப் போய்விடும், மாணவர் கையில் இது நடக்கும். ரெசிஸ்டர் அப்படிப் போகாது, தரையில் விழுந்து தொலையும். அதை எப்படியும் கைநிறைய வாங்குவோம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்:
எங்கள் மேஸ்திரி டைல்ஸுக்கு வெட்டுச் சேதம் என்று சேர்த்தே எழுதச் சொன்னார். பிறகு வாங்கினால் அதே நிறம் கிடைக்காதாம். நீங்கள் கேட்பது இதுதானே?

மின்னணுச் சாதனம் வடிவமைப்பவர்:
வேறு வேலை, ஆனால் பிறகு கிடைக்குமா என்ற கேள்வி இங்கேயும் உண்டு. பத்து சென்சார் வேண்டும் என்று வையுங்கள். இணையத்தில் ஒன்று 80 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. தனி, அனுப்பும் செலவு 80. சென்னை ரிச்சி தெருக் கடையில் வரியோடு 110. பத்துக்கு இணையத்தில் 1024, கடையில் 1100. இணையம் மலிவுதான். ஆனால் ஒன்று போனால் அந்த ஒன்றுக்காக மறுபடி 80 ரூபாய் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் முதலிலேயே பதினொன்று வாங்குவோம், 1118.40 ஆகிவிடும். கடையில் மேசையிலேயே சோதித்துப் பத்து வாங்கி, தேவைப்பட்டால் மட்டும் பதினொன்றாவதை வாங்கலாம். ஆக, சேதார எண் எங்கே வாங்குகிறோம் என்பதையும் பொறுத்தது. சிட்டையில் விலைக்குப் பக்கத்தில் கடைப் பெயரும் வர வேண்டும்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
கடையிலும் ஒன்று போனால் 1210 ஆகிறதே?

மின்னணுச் சாதனம் வடிவமைப்பவர்:
ஆமாம், அப்போது இணையம்தான் மலிவு. வகுப்பில் ஒன்றாவது போகும் என்று தெரிந்தால் இணையத்திலேயே வாங்குங்கள்.

உதிரிபாகக் கடை நடத்துபவர்:
மேசையில் சோதிக்க எல்லாக் கடையிலும் விடமாட்டார்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சேதாரம் என்பது தங்கத்தில் ஆசாரி கணக்கு. வாடிக்கையாளர் கொடுத்தே ஆக வேண்டிய காசு. இங்கே உடையாவிட்டால் பொருள் கையில் மிஞ்சும், அடுத்த வேலைக்கு ஆகும். 'உபரி' சரி என்பேன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
மிஞ்சினால் உபரி, உடைந்தால்? சிட்டையில் அந்த நெடுவரிசையின் தலைப்பு வாங்கும்போதே எழுத வேண்டியது. சரி, பாகச் சிட்டைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை ஏற்றுக்கொள்கிறேன். சேதாரமா உபரியா என்பதற்கு இன்னும் யாராவது சொல்லுங்கள்.