சோப்புப் போட்டதும் சாம்பார் கறை சிவந்துவிட்டது: எந்தக் கறைநீக்கி வாங்குவது?

குடந்தைக்காரி
அனைவருக்கும் வணக்கம். நேற்று கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவரின் கை தவறி, வாளியிலிருந்த சாம்பார் எங்கள் மூவர் மீதும் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தவுடன் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை செங்கல் நிறமாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் இருப்பதால், எந்தக் கறைநீக்கி வாங்க வேண்டும் என்று தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

மன்னை வாசகர்
மூவர் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லையே, அம்மா. பட்டா, பருத்தியா, பாலியெஸ்டரா? என்ன நிறம்? தேய்த்தது துணி சோப்பா, குளிக்கும் சோப்பா?

வெள்ளைவேட்டி
மஞ்சள் கறைக்கு வெளுப்புத் திரவத்தை மிஞ்சிய மருந்து கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்து பத்து நிமிடம் ஊற வைத்தால் என் வேட்டிகளில் கறை இருந்த இடமே தெரிவதில்லை.

பழைய உறுப்பினர்
துணியின் பெயரைச் சொல்லாமல் கறைநீக்கி கேட்பது, நோயைச் சொல்லாமல் மாத்திரை கேட்பதைப் போன்றது. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன்; புதிதாக வருகிறவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. வெளுப்புத் திரவம் என்று எழுதிய அன்பர், அதைப் பட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு வந்து எழுதட்டும்.

குடந்தைக்காரி
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். என்னுடையது அரக்கு நிறத் திருபுவனம் பட்டுப்புடவை. கறை கொசுவத்தில், சரிகைக் கரைக்கு நான்கு விரல் மேலே, உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் கட்டியிருந்தது வெள்ளைப் பருத்தி வேட்டி. மகனுடையது வெளிர்நீலப் பாலியெஸ்டர் சட்டை. மூன்றையும் பச்சை நிறத் துணி சோப்புக் கட்டியால்தான் தேய்த்தேன்.

தறிவீட்டுப் பிள்ளை
அக்கா, முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா? உங்கள் புடவையில் நடந்ததும் அதுவேதான். துணி சோப்புக் கட்டியில் காரம் உண்டு. அது பட்டதும் சாம்பாரிலிருந்த மஞ்சள் சிவந்துவிட்டது. சாயம் ஓடியதாக நினைத்து மேலும் தேய்த்துவிட வேண்டாம். நனைந்த பட்டைத் தேய்த்தால் இழை பிசிர் தட்டி, அந்த இடம் மட்டும் வெளுத்தாற்போல் மங்கிவிடும். கறையைப் போக்கலாம், அந்த மங்கலைப் போக்க முடியாது.

ஒரு தம்ளர் குடிநீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்துகொள்ளுங்கள். இடுப்பில் செருகும் உள்முனையில் அதில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் அரக்கு நிறம் ஏறாவிட்டால், கறையின் அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். அவ்வளவுதான் நடக்கும், கறை போய்விட்டதாக எண்ணிவிடாதீர்கள். சரிகைப் பக்கம் வினிகர் போக வேண்டாம்.

புடவையை நிழலில் உலர்த்தி, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடம் கருமையாகத் தெரியும். அதன்மேல் முகப்பவுடரைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அதன் பிறகுதான் மஞ்சளுக்கு வர வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் என்று விற்கிற காரமில்லாத திரவச் சோப்பில் சில சொட்டுகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் கலந்து ஒற்றலாம். அப்படியும் நின்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் மஞ்சளைக் கரைக்கும். ஆனால் அரக்குச் சாயத்தையும் அது இழுக்கக்கூடும் என்பதால் உள்முனைச் சோதனையை மறுபடியும் செய்யாமல் தொடாதீர்கள். விளக்கு எரியும் இடத்தில் அதைத் திறக்கவும் கூடாது.

வெள்ளைவேட்டி
நான் வேட்டிக்குத்தான் சொன்னேன். அது தவறா?

தறிவீட்டுப் பிள்ளை
தவறில்லை, ஐயா, கரையில்லாத வெள்ளைப் பருத்திக்கு அது பொருந்தும், சரிகைக் கரை இருந்தால் கூடாது. ஆனாலும் அதற்கு முன் வெயிலிடம் கொடுத்துப் பார்க்கலாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. வேட்டியை நன்றாகச் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு உச்சிவெயிலில் கறை மேலே இருக்கும்படி காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட வேண்டும். பருத்தி இதையெல்லாம் தாங்கும். பட்டை அப்படி வெயிலில் போட்டால் இழை நொய்ந்து, புடவையின் நிறமும் கறையோடு சேர்ந்து மங்கும்.

நாகை கடற்கரை
என் தாத்தாவின் வெள்ளைக் கம்பளிச் சால்வையில் காப்பி கொட்டிய இடத்தில் வெளுப்புத் திரவத்தைத் தடவினேன். அந்த இடம் பழுத்த மஞ்சளாகி, இப்போது தொட்டால் பிய்ந்துகொண்டு வருகிறது. இதை மறுபடி வெள்ளையாக்க என்ன போட வேண்டும்?

மன்னை வாசகர்
அது கறை இல்லை, ஐயா, கம்பளியே அரிக்கப்பட்டிருக்கிறது. கம்பளியும் பட்டும் விலங்கிலிருந்து வருபவை, நம் தலைமுடியைப் போன்றவை. வெளுப்புத் திரவம் அவற்றைக் கரைத்தே விடும். சால்வையைத் தைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய உறுப்பினர்
இவ்வளவு எழுதியும் எவரும் அடிப்படையைக் கேட்கவில்லை. அது பட்டுதான் என்பதற்கு என்ன சான்று? முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றமடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர்.

தஞ்சை மாமி
கல்யாணப் புடவையைக் கொளுத்தச் சொல்கிறீர்களே! நான் இருபது வருடமாகப் பட்டுப்புடவைகளைச் சாதாரணச் சலவைத் தூளில்தான் நனைக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய உறுப்பினர்
கறையைத் தின்னும் நொதி சேர்ந்த தூளாக இருந்தால், இரத்தத்தையும் முட்டையையும் தின்கிற அந்த நொதி பட்டையும் தின்னும். இது பள்ளிப் பாடம்.

தஞ்சை மாமி
பாடம் இருக்கட்டும். என் பீரோவைத் திறந்து காட்டட்டுமா?

தறிவீட்டுப் பிள்ளை
மாமி, எல்லாத் தூளிலும் அந்த நொதி இருப்பதில்லை. உறையைப் படித்தால் தெரியும். இருந்தாலும் ஒரு சலவையில் தெரியாது. முதலில் பளபளப்புக் குறையும், பிறகு மடிப்பு ஓரங்களில் இழை விடும். உங்கள் புடவைகளின் மடிப்பை விரித்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

தஞ்சை மாமி
இரண்டு புடவைகளில் மடிப்பு விட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது மடிப்பை மாற்றாமல் வைத்ததால் என்றே நினைக்கிறேன்.

தறிவீட்டுப் பிள்ளை
அதுவும் காரணமாக இருக்கலாம், மாமி. இதைப் புடவையைப் பார்க்காமல் என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது.

மன்னை வாசகர்
சட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே இழுக்காது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே பாத்திரம் துலக்கும் திரவத்தை நேராகக் கறையில் தடவி, கால்மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். கறை முழுவதும் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சூட்டில் மஞ்சள் இழைக்குள்ளேயே இறங்கிவிடும்.

குடந்தைக்காரி
வினிகர் வைத்ததும் சிவப்புப் போய் மஞ்சளாகிவிட்டது. பவுடரும் திரவச் சோப்பும் போட்ட பிறகு, கொசுவத்தில் மடித்தால் தெரியாத அளவுக்கு மங்கியிருக்கிறது. ஸ்பிரிட் சோதனையில் வெள்ளைத் துணியில் அரக்கு நிறம் ஏறியதால் அதோடு நிறுத்திவிட்டேன். வேட்டி மூன்று நாள் வெயிலில் வெளுத்துவிட்டது. சட்டையை உங்கள் பதிலைப் படிப்பதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிட்டேன். மஞ்சள் அப்படியே நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

தறிவீட்டுப் பிள்ளை
ஸ்பிரிட்டை நிறுத்தியது நல்லது, அக்கா. சட்டையில் எண்ணெயும் சேர்ந்து நிற்கிறதா, மஞ்சள் மட்டுமா? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், எண்ணெய் இருக்கும் இடத்தில் அது பரவாமல் முத்தாக நிற்கும். பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகை கடற்கரை
சால்வையை எந்த நூலால் தைப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.